நிஜாம் என்ற பெண், நிஜாம் என்ற சொல்

தமிழ் முஸ்லிம் வீடுகளில் குர்ஆனின் தமிழாக்கத்தைத் ‘தர்ஜமா’ என்பார்கள். ஒரு மொழியில் உள்ளதை இன்னொரு மொழியில் எடுத்துச் சொல்பவருக்கு அரபியில் ‘தர்ஜுமான்’ என்று பெயர். நம் ஊர்ப் பழைய சொல்லில் துபாஷி. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் மக்காவில் ஒரு சூஃபி ஞானி தன் காதல் கவிதைகளைத் தொகுத்தபோது அந்த நூலுக்கு ‘தர்ஜுமானுல் அஷ்வாக்’ என்று பெயர் வைத்தார். ஏக்கங்களின் துபாஷி என்று பொருள். அதில் 61 கவிதைகள் இருக்கின்றன. அவை யாரை நினைத்து ஏங்குகின்றன என்ற கேள்வி அவர் உயிரோடு இருந்தபோதே எழுந்துவிட்டது. அந்த நூலை வேறு மொழிக்குக் கொண்டுபோகும் ஒவ்வொருவரும் இன்றைக்கும் அதே கேள்வியின் முன்னால்தான் உட்கார வேண்டியிருக்கிறது.

அந்த ஞானி இப்னு அரபி. 1165இல் ஸ்பெயினின் முர்ஸியாவில் பிறந்து 1240இல் டமாஸ்கஸில் மறைந்தவர். 1202இல் மக்காவுக்கு வந்தபோது, அங்கே இஸ்ஃபஹானைச் சேர்ந்த ஒரு பெரியவரிடம் நபிமொழி நூலொன்றைப் பாடம் கேட்டார். அந்தப் பெரியவர் மகாமு இப்ராஹீமில் தொழுகை நடத்தும் இமாம். அவருடைய மகள் நிஜாம். அழகும் கல்வியும் பேச்சுத்திறனும் ஒருசேர அமைந்த இளம்பெண். தன் நூலின் முன்னுரையில் இப்னு அரபி அவளைப் பற்றித் தயக்கமில்லாமல் எழுதுகிறார். நூலில் எந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னாலும் அது இவளைத்தான் குறிக்கும், எந்த வீட்டை நினைத்து அழுதாலும் அது இவள் வீடுதான் என்கிறார். உடனேயே, இவை எல்லாம் இறையருளின் வருகைகளையும் ஆன்மிக உண்மைகளையும் சுட்டுபவை என்றும் சொல்கிறார். படிப்பவர் மனம் தகாத எண்ணத்துக்குப் போகாமல் இறைவன் காக்கட்டும் என்று வேண்டவும் செய்கிறார். ஒன்றைச் சொல்லிவிட்டுப் பின்வாங்கும் தடுமாற்றமாக எனக்கு இது படவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொல்கிறார். இறைவனை எந்த உருவத்தின் துணையும் இல்லாமல் மனிதனால் காணவே முடியாது என்பது அவருடைய பிற்கால நூலான ‘ஃபுஸூஸுல் ஹிகம்’ விரித்துப் பேசும் கருத்து. அந்த நோக்கில் பார்த்தால் நிஜாமை நேசிப்பதும் இறைவனை நேசிப்பதும் வேறு வேறு திசையில் போகும் இரண்டு பாதைகள் ஆகா.

ஆனால் கவிதையைப் படிப்பவர்கள் எல்லோரும் அந்த நோக்கில் படிப்பார்களா? அலெப்போவில் ஒரு சட்ட அறிஞர் ஐயம் கிளப்பினார். இவை சாதாரணக் காதல் பாட்டுகள். பக்திமான் என்ற பெயர் கெடாமல் இருக்க இதற்கு ஆன்மிகப் போர்வை போர்த்துகிறார் என்பது அவருடைய வாதம். இதைக் கேட்ட சீடர்கள் இருவர், பத்ர் அல்ஹபஷியும் இஸ்மாயீல் இப்னு சவ்தகீனும், ஆசிரியரே விளக்கம் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். அப்படிப் பிறந்தது அவர் தம் கவிதைகளுக்குத் தாமே எழுதிய உரை.

உரைகாரர் கையில் மூலம் என்ன ஆகும் என்பது தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. திருக்கோவையாரை அகப்பாட்டாகவும் படித்திருக்கிறோம், பேரின்பமாகவும் படித்திருக்கிறோம். ஆனால் கவிஞரே உரைகாரராகவும் உட்கார்ந்த அரிய இடம் இது. இரண்டாவது கவிதையில் ஒரு காட்சி. காதலியரின் கூட்டம் பாலையில் புறப்படுகிறது. ஒட்டகங்களுக்குச் சேணம் பூட்டியாயிற்று, அவற்றின் மேல் மயில்கள் ஏறி அமர்கின்றன. அழகிய பெண்களை மயில் என்பது நமக்கும் பழகிய வழக்குதான். உரையில் இப்னு அரபி சொல்கிறார்: ஒட்டகங்கள் என்பவை மனிதனின் அகச்செயல்களும் புறச்செயல்களும், மயில்கள் அந்தச் செயல்களின் உயிர்கள். அதே கவிதையில் பல்கீஸ், அதாவது சபா நாட்டு அரசி, வருகிறாள். அவள் இறைஞானம் என்கிறது உரை. பல்கீஸின் தந்தை ஜின், தாய் மனிதப் பெண் என்பது பழங்கதை. அதனால் நுட்பமான அறிவும் தூலமான செயலும் கலந்த ஞானத்துக்கு அவள் சரியான உருவம் என்று விளக்கம் தொடர்கிறது.

இந்த உரையை முதல்முறை படித்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒட்டகத்தின் மணியோசை காதில் கேட்டுக்கொண்டிருந்த கவிதையில் யாரோ வந்து பாடநூலைத் திறந்துவைத்ததுபோல. மறுபடி மறுபடி படித்த பிறகு அந்த ஏமாற்றம் குறைந்தது. உரை கவிதையின் சாவி அல்ல. அதே ஆள் இன்னொரு நிலையில் நின்று எழுதிய இன்னொரு படைப்பு. சாவி என்று எடுத்துக்கொண்டால், பூட்டைத் திறந்ததும் கவிதையைக் கீழே வைத்துவிடலாம் என்று ஆகிவிடும்.

மொழிபெயர்ப்பவருக்குச் சிக்கல் எங்கே கையில் தட்டுப்படுகிறது என்று காட்ட இருபதாவது கவிதையை எடுத்துக்கொள்கிறேன். அதில் காதலியைப் பற்றிச் சொல்லும்போது அவளிடம் ‘நஸ்ர்’ உண்டு, ‘நிஜாம்’ உண்டு என்று ஒரு இணை வருகிறது. நஸ்ர் என்றால் சிதறியது. அதனால் கட்டுப்பாடில்லாத உரைநடை. நிஜாம் என்றால் கோத்தது. முத்தை நூலில் கோப்பதுபோல் சொல்லைக் கோத்துச் செய்யும் செய்யுள். பேச்சிலும் பாட்டிலும் வல்லவள் என்பது நேர்ப்பொருள். அதே சமயம் அந்தச் சொல் அவளுடைய பெயர். செய்யுளின் பெயரும் அவள் பெயரும் ஒன்றாக நிற்கும் இந்த இடத்தில் அவள் யாரென்று கவிதை சொல்லிவிட்டது, சொல்லாமலும் விட்டுவிட்டது.

ஆங்கிலத்தில் இந்நூலை 1911இல் முதலில் கொண்டுவந்தவர் கேம்பிரிட்ஜின் ஆர்.ஏ. நிக்கல்சன், பின்னாளில் ரூமியின் மஸ்னவி முழுவதையும் பெயர்த்தவர் அவரே. ஆங்கிலத்தில் செய்யுளுக்கு உள்ள சொல் எந்தப் பெண்ணுக்கும் பெயர் ஆகாது. பொருளைக் கொண்டுபோனால் பெயர் போய்விடும், பெயரைக் கொண்டுபோனால் பொருள் போய்விடும். அடிக்குறிப்பு போட்டுத்தான் மற்றதை மீட்க முடியும்.

தமிழில் முயன்று பார்த்தபோது வேறொரு வாசல் திறந்தது. கோத்தல் என்ற வினையிலிருந்து நம்மிடம் கோவை உண்டு. முத்துக்கோவையும் அதுதான், செய்யுள் வகையும் அதுதான். பக்கத்திலேயே கோதை என்ற சொல் நிற்கிறது: மாலை என்றும் பொருள், பெண் என்றும் பொருள், பெண்ணின் பெயரும் ஆகும். அரபியில் நடக்கும் விளையாட்டு தமிழில் அப்படியே நடக்கிறது! ஒரு மாலைப் பொழுது முழுவதும் மகிழ்ந்துபோய் அந்த வரியைக் கோதையை வைத்து எழுதி வைத்திருந்தேன். மறுநாள் படித்தபோது அவள் இஸ்ஃபஹானிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்துவிட்டிருந்தாள். கோதை என்றதும் தமிழ்க் காதுக்கு ஆண்டாள் கேட்பாள். ஆண்டாள் கேட்டதும் இது இறைக்காதல் என்று தீர்ப்பாகிவிடும். சொல் விளையாட்டு பிழைத்தது, இருபொருள் செத்தது. அடித்துவிட்டு ‘நிஜாம்’ என்றே வைத்தேன். சொல்லுக்குக் கோத்தது என்ற பொருள் உண்டு என்பதை முந்தைய வரியிலேயே ஒரு முத்துமாலையைக் கொண்டு உணர்த்த முடியுமா என்று பார்த்தேன். மூலத்தில் இல்லாத மாலையைச் சேர்ப்பதா என்ற உறுத்தல் இருந்தது. கடைசியில் நூலின் தொடக்கத்தில் ஒருமுறை சொல்லிவிட்டுக் கவிதையைத் தொடாமல் விடுவதே மேல் என்று முடிவுசெய்தேன்.

அதே கவிதையில் அவள் பாரசீகத்தவள், இஸ்ஃபஹான் ஊர்க்காரி, என் இமாமின் மகள் என்று வருகிறது. இமாமின் மகள் என்பது அப்படியே வாழ்க்கைச் செய்தி. நிஜாமின் தந்தை உண்மையிலேயே அவருக்குப் பாடம் சொன்ன இமாம்தான். அவளுக்கு எதிராகத் தன்னை யமன் நாட்டவன் என்கிறார். அவர் பிறந்தது ஸ்பெயினில் அல்லவா என்று வாசகர் கேட்கலாம். அவருடைய குலம் தய்யி. யமனிலிருந்து வந்த அரபுக் குலம் என்பது மரபு. ஆக, பாரசீகப் பெண்ணும் அரபு ஆணும் என்று படிக்கலாம். உரையோ யமனை ஈமானோடும் ஞானத்தோடும் சேர்க்கிறது. ஈமான் யமனைச் சேர்ந்தது என்ற நபிமொழி அதற்குப் பின்னால் நிற்கிறது. ‘யமன்காரன்’ என்று எழுதினால் ஊர் மட்டும் தெரிகிறது. ‘நம்பிக்கையாளன்’ என்று எழுதினால் ஊரே அழிந்துவிடுகிறது. இப்படிப்பட்ட இடங்களில் ஊர்ப்பெயரை ஊர்ப்பெயராகவே விடுவதுதான் சரி என்பது என் துணிபு. நபிமொழி தெரிந்தவருக்கு அது தானாகக் கேட்கும். தெரியாதவருக்கு ஒரு மனிதன் தன் ஊரைச் சொல்வதாவது மிஞ்சும்.

நிக்கல்சன் செய்த முறை இது: ஒவ்வொரு கவிதையையும் நேரான உரைநடையில் பெயர்த்து, கீழேயே இப்னு அரபியின் உரையைச் சுருக்கிக் கொடுத்தார். அறிஞருக்கு இதைவிட நேர்மையான ஏற்பாடு கிடைக்காது. படிப்பவர் அனுபவம் வேறு. மயிலைப் பார்த்த கண் அடுத்த பத்தியிலேயே அது மயிலல்ல என்று படித்துவிடுகிறது. நாலைந்து கவிதைகளுக்குப் பிறகு மயிலைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டு, இது எதைக் குறிக்கும் என்று தேடத் தொடங்குகிறோம்.

அமெரிக்க அறிஞர் மைக்கேல் செல்ஸ் எதிர்ப்பக்கம் நடந்தார். 2000இல் வெளிவந்த தேர்ந்தெடுத்த கவிதைகளிலும், 2021இல் முழுநூலாக வந்த பெயர்ப்பிலும் கவிதை கவிதையாகவே நிற்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டார். அவர் எழுப்பிய ஒரு கேள்வி சிறியதுபோல் தோன்றும், ஆனால் மிகக் கூர்மையானது. ஆங்கிலத்தில் கடவுளைக் குறிக்கும் ‘அவன்’ என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்குவது வழக்கம். அரபியில் பெரிய எழுத்து என்று ஒன்றே கிடையாது. சூஃபி நூல்களில் வரும் ‘அவன்’ மனிதனையும் இறைவனையும் சேர்த்துச் சுட்டும் இடங்களில், பெயர்ப்பாளர் பெரிய எழுத்தைப் போட்டதும் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. பிரியாமல் இருப்பதைச் சொல்வதற்காகவே எழுதப்பட்ட வாக்கியத்தில் ஒரு எழுத்து வேலி போட்டுவிடுகிறது.

தமிழிலும் பெரிய எழுத்து இல்லை. தப்பித்தோம் என்று எண்ணினால், நம் வேலி வேறு இடத்தில் இருக்கிறது. அரபியில் பெயர்ச்சுட்டுக்கும் வினைக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு. தமிழிலும் வினைமுற்றே பாலைக் காட்டிக் கொடுத்துவிடும். வந்தான், வந்தாள் என்று முடித்தாக வேண்டும். ஆனால் அரபுக் காதல் கவிதையில் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது: காதலி பெண்ணாகவே இருந்தாலும் ஆண்பாலில் சுட்டுவார்கள். இப்னு அரபி இன்னும் மேலே போகிறார். ஒரு கவிதைக்குள்ளேயே ‘அவள்’ என்று தொடங்கிப் பெண்களின் கூட்டமாகி, ‘அவன்’ என்று மாறுவார். கைதவறி நிகழ்ந்த இலக்கணப் பிழை என்று நினைத்து எல்லாவற்றையும் ‘அவள்’ என்று சீராக்கினால் காதலி மட்டும் நிற்பாள். எல்லாவற்றையும் ‘அவன்’ என்று சீராக்கினால் இறைவன் மட்டும் நிற்பான். மாறுவது மாறியபடியே வர வேண்டும். வாசகர் ஒருகணம் தடுக்கி விழட்டும்.

மரியாதைக்காக ‘அவர்’ போட்டால்? பால் தெரியாது என்பது உண்மை. ஆனால் நம் காதில் ‘அவர்’ என்றதும் ஒரு தூரம் வந்துவிடுகிறது. தமிழ் முஸ்லிம் வழக்கில் இறைவனையே ‘அவன்’ என்றுதான் சொல்கிறோம். முன்னிலையில் மட்டும் தமிழ் நமக்குப் பெருங்கொடை தந்திருக்கிறது. ‘நீ’ என்ற சொல்லுக்குப் பாலும் இல்லை, மனிதன் கடவுள் என்ற வேற்றுமையும் இல்லை. அரபியிலோ முன்னிலைக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு. மூலத்தில் முன்னிலை வரும் இடங்களில் தமிழ்ப் பெயர்ப்பு மூலத்தைவிடவும் தாராளமாகத் திறந்திருக்கும். அந்த ஆசையில் படர்க்கையை எல்லாம் முன்னிலையாக்கிவிடக் கூடாது. தொலைவில் போய்விட்டவளைப் பற்றிப் பிறரிடம் சொல்லிப் புலம்பும் கவிதைகள் இவை. ‘நீ’ என்றால் அவள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பதாக ஆகிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ்த் தர்ஜமாக்களில் மூலத்தில் வெளிப்படையாக இல்லாத விளக்கத்தை அடைப்புக்குறிக்குள் சேர்ப்பது நல்ல பழக்கம். எது இறைவாக்கு, எது பெயர்ப்பாளர் சொல் என்று பிரித்துக் காட்டும் பொறுப்பு அதில் இருக்கிறது. அதே பழக்கத்தைக் கவிதைக்குள் கொண்டுவந்து, மயில் என்று எழுதி அடைப்புக்குறிக்குள் ஆன்மா என்று சேர்த்தால், அந்த வளைகோடுகள் இரண்டும் மயிலின் கழுத்தை நெரித்துவிடும்.

பதினோராவது கவிதைக்கு நேர்ந்தது வேறு வகைச் சேதம். எந்த உருவத்தையும் ஏற்கும் இதயத்தைப் பற்றி, மான்களின் மேய்ச்சல் நிலம் முதல் துறவியரின் மடம், கஅபா, வேதநூல்கள் வரை வரிசையாகச் சொல்லிச் செல்லும் பகுதி அதில்தான் வருகிறது. சமய நல்லிணக்க மேடைகளில் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துப் படிப்பார்கள். வெட்டுப்பட்டுப் போவது மீதிக் கவிதை: புறாக்களின் அழுகை, விலா எலும்புகளுக்கு இடையே எரியும் ஆசை, மருதாணி விரலால் சைகை காட்டும் முகத்திரைப் பெண். இதயத்துக்கு அரபியில் ‘கல்ப்’. புரளுதல், மாறுதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்த சொல். நிலைகொள்ளாத காதலில் புரண்டு புரண்டு வந்த இதயத்தால்தான் எல்லா வடிவங்களையும் ஏற்க முடிகிறது. முன்பாதி இல்லாமல் பின்பாதியை எடுத்தால் வலியில்லாத ஒரு பொதுக்கருத்து கிடைக்கும், கவிதை கிடைக்காது.

அந்தக் கவிதை எங்கே முடிகிறது தெரியுமா? பிஷ்ருக்கும் ஹிந்துக்கும் நடந்ததை, கைஸையும் லைலாவையும், மய்யாவையும் கைலானையும் நமக்கு முன்மாதிரியாகக் காட்டி முடிகிறது. எல்லோரும் அரபு நாட்டு மனிதக் காதலர்கள். உரைகாரர் இங்கேயாவது பெயர்களை உருவகமாக்கிக் கரைத்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் செய்யவில்லை. காதல் என்ற அளவில் அவர்களுடையதும் தம்முடையதும் ஒன்றுதான் என்கிறார். நேசிக்கப்படும் பொருளில்தான் வேறுபாடு. சக மனிதர் மேல் வைத்த காதலால் இறைவன் அவர்களை அப்படி வாட்டியதற்கும் காரணம் சொல்கிறார்: இறைவனை நேசிப்பதாகச் சொல்லிக்கொண்டு அந்தத் தவிப்பில் ஒரு துளியும் இல்லாதவர்களின் பொய்யை வெளிப்படுத்தத்தான். மனிதக் காதலைக் கவிதையிலிருந்து துடைத்தெடுக்கும் பெயர்ப்பாளருக்குக் கவிஞரின் உரையிலேயே இப்படி ஒரு தடை கிடக்கிறது. உரை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

தமிழில் இதற்கு நிலம் ஏற்கெனவே பண்பட்டுத்தான் கிடக்கிறது. தொண்டிக்கு அருகே குணங்குடியில் பிறந்து சென்னையில் வாழ்ந்த குணங்குடி மஸ்தான் சாகிபு மனோன்மணியைப் பெண்ணாக விளித்துக் கண்ணி பாடியிருக்கிறார். ‘காதல்’ என்ற சொல்லை ஆழ்வார்கள் இறைவன் மேலேயே வைத்தார்கள். ஆகவே அஷ்வாக் என்பதற்குப் பக்தி என்றோ பேரின்ப வேட்கை என்றோ போட்டு முன்கூட்டியே பாதுகாப்புத் தேட வேண்டியதில்லை; ஏக்கம் என்றாலே போதும்.

நூலின் முதல் கவிதை நான்கே வரிகள். அதற்குப் பின்னால் இப்னு அரபியே சொல்லும் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஓர் இரவு கஅபாவை வலம் வந்துகொண்டிருந்தபோது இந்த வரிகள் வாயில் வந்தன, முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். பட்டைவிட மென்மையான ஒரு கை தோளில் பட்டது. திரும்பினால் ரூம் நாட்டுப் பெண் ஒருத்தி. என்ன சொன்னீர்கள் என்று கேட்டு, வரிவரியாகச் சொல்லச் செய்து, ஒவ்வொரு வரியிலும் இருந்த ஓட்டையை எடுத்துக் காட்டினாள். உம்மைப் போன்றவர் இப்படிச் சொல்லலாமா என்று கடிந்துகொண்டாள். இந்நூலுக்கு வாய்த்த முதல் வாசகி அவள்.

அந்த நான்கு வரிகளில் கவிஞர் யாரையோ படர்க்கைப் பன்மையில் சுட்டுகிறார். எவருடைய இதயத்தைக் கவர்ந்தோம் என்று அவர்களுக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி. உரை எழுதியபோது அந்தப் பன்மைக்கு, உயர்ந்த தெய்விகக் காட்சிகள் என்று பொருள் சொன்னார். இங்கே தமிழில் எனக்குச் சிரமமே ஏற்படவில்லை. ‘அவர்கள்’ என்று எழுதினேன். புறப்பட்டுப் போன கூட்டத்தையும் அது குறிக்கும். ஒரே ஒருவரை மரியாதையோடு சுட்டவும் தமிழில் அதே சொல்தான். கீழே குறிப்பு எதுவும் போடவில்லை. படித்துப் பார்த்த நண்பர் ஒருவர் முதல் வரியிலேயே விரலை வைத்து, “யாரைச் சொல்றீங்க?” என்று கேட்டார்.